கீஸ்டோர் கோப்பு யாரிடம் இருக்கிறது?

கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதிவைக்க ஒரு ஆண்ட்ராய்டு செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2017இல் ஒரு ஃப்ரீலான்ஸ் டெவலப்பரிடம் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னது. பத்தாயிரம் கடைகளில் ஓடுகிறது. பைசாவை ரூபாயாக முழுமையாக்கும் இடத்தில் ஒரு பிழை இருப்பது இப்போது தெரியவருகிறது. பழைய டெவலப்பர் தொழிலை விட்டுவிட்டார், லேப்டாப்பையும் விற்றுவிட்டார். புதிதாக வந்தவரிடம் சோர்ஸ் கோடு முழுமையாக இருக்கிறது. ஒரே ஒரு வரியைத் திருத்தி, புது ஏபிகே கோப்பு தயாரித்து, ப்ளே கன்சோலில் ஏற்றுகிறார். கன்சோல் ஏற்க மறுக்கிறது. முன்பு ஏற்றிய கோப்புகளில் இருந்த சான்றிதழ் வேறு, இதில் இருப்பது வேறு, பழைய சான்றிதழாலேயே கையொப்பமிட்டு வாருங்கள் என்று, அந்தப் பழைய சான்றிதழின் SHA1 கைரேகை எண்ணையும் காட்டுகிறது.

புது டெவலப்பர் செய்த திருத்தத்தில் எந்தக் குறையும் இல்லை. அவரிடம் இல்லாதது, முதல் வெளியீட்டுக்கு முன் பழைய டெவலப்பர் உருவாக்கிய ஒரு சிறிய கோப்பு. அது இப்படி ஒரு கட்டளையில் பிறந்திருக்கும்:

```
keytool -genkeypair -v -keystore kadai.jks \
  -keyalg RSA -keysize 2048 -validity 10000 -alias kadai
```

இதை ஓட்டியதும் ஒன்றுக்கொன்று இணையான இரண்டு சாவிகள் உருவாகின்றன. ரகசியச் சாவி kadai.jks என்ற கீஸ்டோர் கோப்புக்குள் கடவுச்சொல் போட்டுப் பூட்டப்படுகிறது. பொதுச் சாவி ஒரு சான்றிதழாக மாறி, வெளியிடும் ஒவ்வொரு ஏபிகேயோடும் சேர்ந்து ஊர் முழுக்கப் போகிறது. ரகசியச் சாவியால் இடும் கையொப்பத்தை, சான்றிதழில் இருக்கும் பொதுச் சாவியைக் கொண்டு எந்த போனும் சரிபார்க்கலாம். பொதுச் சாவியிலிருந்து ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் 617 இலக்கம் கொண்ட ஓர் எண்ணை அதன் இரண்டு பகா எண்களாகப் பிரிக்க வேண்டும். 2020இல் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டிய ஆர்எஸ்ஏ எண்ணுக்கு 250 இலக்கம்தான், அதற்கே ஏராளமான கணினிகள் தேவைப்பட்டன. ஆகவே தொலைந்த சாவியைக் கணக்குப் போட்டு மீட்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ப்ளே ஸ்டோர் மனது வைத்து ஏற்றுக்கொண்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. பத்தாயிரம் போன்களும் தனித்தனியாக அதே சோதனையைச் செய்கின்றன. நிறுவப்பட்டிருக்கும் செயலியின் பெயரிலேயே, அதாவது அதே பேக்கேஜ் பெயரில், புதுக் கோப்பு வந்தால் ஆண்ட்ராய்டு இரண்டின் சான்றிதழையும் ஒப்பிடுகிறது. பொருந்தவில்லையென்றால் INSTALL_FAILED_UPDATE_INCOMPATIBLE என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் போனில் தனி அறை உண்டு, கடைக்காரரின் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. அப்டேட்டாக வருவது அந்த அறைக்குள் நேராக நுழைகிறது. பேக்கேஜ் பெயரை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். சான்றிதழைப் பார்க்காமல் விட்டால், அதே பெயரில் ஒரு போலியைச் செய்து அனுப்புகிறவன் எல்லாக் கணக்கையும் அள்ளிக்கொண்டு போவான்.

இந்தச் சான்றிதழை எந்த அரசு அலுவலகமும் நிறுவனமும் வழங்குவதில்லை. டெவலப்பரே தனக்குத் தானே வழங்கிக்கொள்வது அது. ஜிஎஸ்டி பதிவோ ஒப்பந்தப் பத்திரமோ போனுக்குத் தெரியாது. அந்தச் சாவியை வைத்திருப்பவர்தான் செயலியின் சொந்தக்காரர் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதனால் சாவி தொலைந்தால் நகல் கேட்டு மனுப் போட ஓர் இடமும் கிடையாது. ஐபோனில் நிலைமை வேறு. அங்கே சான்றிதழைத் தருவது ஆப்பிள் என்பதால், தொலைந்ததை ரத்து செய்து புதிது வாங்கிக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு 9இலிருந்து சாவியை மாற்றிக்கொள்ள வசதி வந்தது உண்மைதான். ஆனால் புதுச் சாவியை நம்பலாம் என்று பழைய சாவி கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். பழையது கையில் இருப்பவருக்குத்தான் அந்த வழி திறக்கும்.

நம் கடைக் கணக்குச் செயலிக்கு மிஞ்சியிருப்பது ஒரே பாதை: வேறு பேக்கேஜ் பெயரில் புதுச் செயலியாக வெளியிடுவது. பதிவிறக்க எண்ணிக்கை, நட்சத்திரங்கள், விமர்சனங்கள் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய செயலிக்குள் ஓர் அறிவிப்பு போடவும் வழியில்லை, அதற்கும் அப்டேட் வேண்டுமே. கணக்குகள் சர்வரில் சேமிக்கப்பட்டிருந்தால் பிழைத்தோம். போனுக்குள் மட்டும் இருந்தால், புதுச் செயலியால் பழையதன் அறைக்குள் எட்டிப்பார்க்கவும் முடியாது. பழையதில் முன்பே ஏற்றுமதி வசதி வைத்திருக்க வேண்டும். விவரம் தெரியாமல் பழையதை நீக்குகிற கடைக்காரருக்குக் கணக்கும் சேர்ந்து போகும். அப்படியே விட்டுவைத்தாலும் அது நிலைக்காது. புது ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு ஏற்பப் புதுப்பிக்கப்படாத செயலிகளை, அந்தப் பதிப்புகள் உள்ள போன்களில் புதிதாகத் தேடுகிறவர்களுக்கு ப்ளே ஸ்டோர் காட்டுவதில்லை.

கூகுள் இதற்கு ஒரு தீர்வு கொண்டுவந்தது. 2017இல் விருப்பத்தின் பேரிலும், 2021 ஆகஸ்டிலிருந்து புதுச் செயலிகளுக்குக் கட்டாயமாகவும், இறுதிக் கையொப்பத்தை கூகுளே தன்னிடம் இருக்கும் சாவியால் இடுகிறது. டெவலப்பர் வைத்திருப்பது கோப்பை ஏற்றுவதற்கான இன்னொரு சாவி. அது தொலைந்தால் கன்சோலில் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம், பயனர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் அதற்கு முன் வெளியான செயலி இந்த ஏற்பாட்டில் சேர, இருக்கும் சாவியை கூகுளிடம் ஒப்படைக்க வேண்டும். தொலைத்த பிறகு ஒப்படைக்க என்ன இருக்கிறது?

தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டுமுன் தேட வேண்டிய இடங்கள் உண்டு: பழைய டெவலப்பரின் மெயில், பழைய ஹார்ட் டிஸ்க், தானாக பில்ட் செய்யும் சர்வர். கோப்பு இருந்து கடவுச்சொல் மட்டும் மறந்திருந்தால் நம்பிக்கை இருக்கிறது. கடவுச்சொல்லை அதே கணினியின் gradle.properties கோப்பில் எழுதிவைத்திருப்பவர்கள் நிறைய. கிடைக்கும் கோப்பு சரியானதுதானா என்று பார்க்க, கீஸ்டோரையும் கடைகளில் ஓடும் ஏபிகேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்:

```
keytool -list -v -keystore kadai.jks
apksigner verify --print-certs kadai.apk
```

இரண்டும் காட்டும் SHA-256 எண் முழுவதும் ஒன்றாக இருந்தால் அதுதான் சாவி. ஓர் எழுத்து மாறினாலும் வேறு சாவி.

சாவி தொலைவதற்குக் கவனக்குறைவைவிட, ஒப்படைப்பின்போது அதைக் கேட்டு வாங்காததே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். செயலி செய்து வாங்குகிறவர்கள் சோர்ஸ் கோடு கேட்கிறார்கள், கன்சோல் கணக்கு கேட்கிறார்கள், கீஸ்டோரைக் கேட்பதில்லை. உங்கள் செயலி 2021 ஆகஸ்டுக்கு முன் வெளியானது என்றால், ப்ளே கன்சோலில் App signing பக்கத்தைத் திறந்து, கூகுள் ஏற்பாட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேரவில்லையென்றால் .jks கோப்பு, அதன் இரண்டு கடவுச்சொற்கள், alias பெயர் ஆகிய எல்லாவற்றையும் டெவலப்பரிடம் கேட்டு வாங்கி, மேலே சொன்னபடி சரிபார்த்து, இரண்டு வேறு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். டெவலப்பர் போனை எடுக்கிற காலத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.