ஒரே பட்டம், வெவ்வேறு உரிமைகள்: வெளிநாட்டு இணையவழிக் கல்வியும் சட்டமும்

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014 முதல் கணினி அறிவியல் முதுகலைப் பட்டத்தை இணையவழியிலும் வழங்கி வருகிறது. மொத்தக் கட்டணம் ஏறத்தாழ 7,000 டாலர்தான். வளாகத்தில் பயில இதைப்போலப் பல மடங்கு செலவாகும். இருவருக்கும் ஒரே பட்டம் தரப்படுகிறது. சான்றிதழில் ‘இணையவழி’ என்னும் சொல் இராது. ஆயினும் சட்டத்தின் முன் இவ்விரு பட்டதாரிகளும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த, குடும்பத்தின் முதல் பட்டதாரியான ஒரு தலித் மாணவியை எடுத்துக்கொள்வோம். பொறியியல் முடித்துச் சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறார். கடன் வாங்காமல் இந்தப் பட்டத்தைப் பெற்றால் என்ன கிடைக்கும் என்று அவர் அறிய விரும்புகிறார்.

முதலில் குடிவரவு அதிகாரியின் பார்வை. அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1, நேரில் வந்து பயில்வோருக்கு உரியது. விசா பெற்றவர்கூட ஒரு பருவத்தில் ஒரே ஒரு இணையவழிப் பாடத்தை, அதிகபட்சம் மூன்று மதிப்பலகுகள் வரை, மட்டுமே முழுநேரப் படிப்பின் கணக்கில் சேர்க்கலாம். எனவே முழுவதும் இணையவழியில் பயில்பவருக்கு இந்த விசா இல்லை. விசா இல்லையெனில், படிப்பு முடிந்தபின் அங்கேயே பணியாற்றும் ஓ.பி.டி. அனுமதியும் இல்லை. வளாகத்தில் கணினி அறிவியல் பயின்றவருக்கு இந்த அனுமதி 12 மாதங்களும், நீட்டிப்பாக 24 மாதங்களும் கிடைக்கிறது. வேலை தருவோர் ஒருவரின் திறனைக் கண்டறிந்து எச்-1பி விசாவுக்கு மனுச் செய்வது பெரும்பாலும் இந்த மூன்றாண்டுகளில்தான்.

எச்-1பி விதியில் ஒரு நுட்பம் உண்டு. ஆண்டுக்கு 65,000 என்னும் பொது வரம்புக்கு மேல், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கென 20,000 இடங்கள் உள்ளன. அங்கீகாரம் பெற்ற அரசு அல்லது இலாப நோக்கற்ற நிறுவனத்தின் பட்டமாக இருக்க வேண்டும் என்று கூறும் சட்டம், பயிலும் முறையைக் குறிப்பிடவில்லை. ஆகவே ஏட்டளவில் நம் மாணவிக்கும் இவ்வாசல் திறந்திருக்கிறது. ஆனால் 2025 செப்டம்பரில் வெளியான அதிபர் ஆணை, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. அங்கேயே மாணவராக இருந்து எச்-1பி நிலைக்கு மாறுவோருக்கு இக்கட்டணம் பொருந்தாது என அதன்பின் விளக்கமளிக்கப்பட்டது. சென்னையில் அமர்ந்து பட்டம் பெற்ற ஒருவருக்காக இவ்வளவு பெரிய தொகையைச் செலுத்த எந்த நிறுவனம் முன்வரும்?

தனியார் நிறுவனங்களின் பார்வை வேறு. அவை பல்கலைக்கழகத்தின் பெயரையும், நேர்காணலில் வெளிப்படும் திறனையும் நோக்குகின்றன. தற்போதைய நிறுவனத்தில் பதவி உயர்வோ, வேறு நிறுவனத்தில் நல்ல ஊதியமோ இப்பட்டத்தால் கிடைக்கக்கூடும். ஆனால் பயின்ற முறை கேட்கப்பட்டால் மறைக்கக் கூடாது. பின்னணிச் சரிபார்ப்பில் சேர்க்கைத் தேதிகளும் வசித்த இடமும் முரண்பட்டால் வேலை பறிபோகலாம். விசா விண்ணப்பத்தில் முக்கியமான ஒன்றைத் தெரிந்தே பொய்யாகக் கூறுவது நிரந்தர நுழைவுத் தடைக்கு வழிவகுக்கும்.

நமக்கு மிக முக்கியமான கேள்வி இந்தியாவில்தான் எழுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று பெற, அதை நேரடி வகுப்பில் பயின்றிருக்க வேண்டும். இணையவழி, தொலைநிலைப் பட்டங்கள் ஏற்கப்படுவதில்லை. இணைச் சான்று கேட்கும் அரசுப் பணிக்கோ, பேராசிரியர் பணிக்கோ, முனைவர் பட்டச் சேர்க்கைக்கோ அம்மாணவியின் முதுகலை செல்லாது. இடஒதுக்கீடு செயற்படும் துறை அரசுத் துறை. தனியார் துறையில் அது இல்லை. ஆக, குறைந்த செலவில் கிடைக்கும் இப்பட்டம், நம் உரிமை இல்லாத இடத்தில் பயன்பட்டு, உரிமை உள்ள இடத்தில் பயனற்றுப் போகிறது.

ஆகவே தெரிவு, நோக்கத்தைப் பொறுத்தது. இருக்கும் தனியார் பணியில் முன்னேறுவதே அவரது குறிக்கோள் எனில் இணையவழிப் பட்டம் போதும். விரிவுரையாளராக விரும்பினால், இணையவழிக் கல்விக்கு மானியக் குழுவின் அனுமதி பெற்ற இந்தியப் பல்கலைக்கழகப் பட்டமே மேல். அது நேரடிப் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுகிறது. வெளிநாட்டுப் பணியே இலக்கு எனில் வளாகம்தான் வழி. அதற்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. கல்விக் கட்டணம், பராமரிப்புத் தொகை, விமானக் கட்டணம் ஆகியவற்றை அது ஏற்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; வயது 35-க்குக் கீழ் இருக்க வேண்டும். நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்களே ஒதுக்கப்பட்டுள்ளன. ஏழு ஆயிரம் டாலர் பட்டத்தை நோக்கி நம் மாணவர்கள் தள்ளப்படுவதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம். அதை உயர்த்தக் கோருவது நம் கோரிக்கைகளில் இடம்பெற வேண்டும்.