அடிப்பரப்பைக் கண்டுபிடி: பட்டகம், உருளைக்குப் பத்துக் கணக்குகள்

எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு கூடாரத்தின் படத்தைக் கொடுங்கள். முகப்பு முக்கோணத்தின் அடி 3 மீ, அதன் உயரம் 2 மீ, கூடாரத்தின் நீளம் 4 மீ என்று குறித்துவிட்டு, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேளுங்கள். பல பிள்ளைகள் மூன்று எண்களையும் பெருக்கி 24 என்று எழுதுவார்கள். சரியான விடை 12 கன மீட்டர். அந்தப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் நன்றாகவே தெரியும். எந்த முகம் அடிப்பக்கம், எந்த நீளம் உயரம் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். கீழே உள்ள பயிற்சித்தாள் அந்த ஒரு தடுமாற்றத்தைப் படிப்படியாகத் தீர்ப்பதற்காக அமைந்தது.

மத்திய வாரியப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு அளவியலில் உருளையின் கன அளவு நெடுங்காலமாக இருந்துவந்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அது பத்தாம் வகுப்பில் வருகிறது. முக்கோணம், சரிவகம், வட்டம் ஆகியவற்றின் பரப்பளவு தெரிந்த பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் படித்தாலும் இந்தத் தாளைச் செய்யலாம்.

ஒரே ஒரு விதி

பட்டகம் என்பது ஒரே வடிவமும் ஒரே அளவும் கொண்ட இரண்டு முகங்கள் எதிரெதிராக இணையாக நிற்கும் திண்மம். இங்கே நாம் பார்ப்பவை எல்லாம் நேர்ப்பட்டகங்கள். பக்கச் சுவர்கள் அந்த முகங்களுக்குச் செங்குத்தாக நிற்கும். முகம் முக்கோணமாக இருந்தால் முக்கோணப் பட்டகம். செவ்வகமாக இருந்தால் நமக்குப் பழகிய கனச்செவ்வகம். முகம் வட்டமாகிவிட்டால் உருளை. பெயர்கள் மாறினாலும் கணக்கு மாறுவதில்லை:

கன அளவு = அடிப்பரப்பு × உயரம்

காரணம் எளிது. அடிப்பரப்பு 24 சதுர செ.மீ என்றால், அதன் மேல் 1 செ.மீ உயரத்துக்கு ஓர் அடுக்கு வைத்தால் அதில் 24 கன செ.மீ இருக்கும். உயரம் 10 செ.மீ என்றால் அதே போல 10 அடுக்குகள்; ஆக 240 கன செ.மீ. அடுக்கு முக்கோணமா, வட்டமா என்பது பொருட்டே இல்லை. எல்லா அடுக்குகளும் ஒரே அளவாக இருந்தால் போதும்.

விதியின் எல்லையும் அதுதான். பொருளை அடிப்பக்கத்துக்கு இணையாக எங்கே வெட்டினாலும் வெட்டுமுகம் ஒன்றாகவே இருக்க வேண்டும். வாய் அகன்று அடி குறுகிய வாளி இந்தச் சோதனையில் தேறாது. அதற்கு இந்த விதியைப் போட்டால், வாயை அளந்தால் விடை கூடிவிடும், அடியை அளந்தால் குறைந்துவிடும்.

"உயரம்" என்ற சொல்லும் பிள்ளைகளைக் குழப்பும். இந்த விதியில் உயரம் என்பது அந்த இரண்டு ஒத்த முகங்களுக்கு இடையே உள்ள தூரம். பொருள் படுத்திருந்தால் அந்தத் தூரமும் படுத்தே இருக்கும். கூடாரத்தில் ஒத்த முகங்கள் முன்னும் பின்னும் உள்ள முக்கோணங்கள். ஆகவே பட்டகத்தின் உயரம் கூடாரத்தின் நீளமான 4 மீ. அந்த 2 மீ முக்கோணத்தின் உயரம் மட்டுமே. கணக்கைத் தொடங்கும் முன் அந்த இரண்டு முகங்களையும் படத்தில் வண்ணம் தீட்டச் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பயிற்சித்தாள்

நான்கு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் ஒரே ஒரு புதிய சிரமம். π வரும் இடங்களில் 22/7 என்று கொள்க.

*முதல் நிலை: அடிப்பக்கம் எது என்று சொல்லிவிடும் கணக்குகள்*

1. ஒரு பட்டகத்தின் அடிப்பரப்பு 24 ச.செ.மீ, உயரம் 10 செ.மீ. கன அளவு என்ன?
2. ஒரு பட்டகத்தின் அடிப்பக்கம் முக்கோணம். முக்கோணத்தின் அடி 8 செ.மீ, உயரம் 6 செ.மீ. பட்டகத்தின் உயரம் 10 செ.மீ. கன அளவு என்ன?

*இரண்டாம் நிலை: அடிப்பக்கத்தைத் தேட வேண்டிய கணக்குகள்*

3. மேலே சொன்ன கூடாரத்தின் கன அளவு என்ன?
4. ஒரு நீச்சல் குளத்தின் நீளம் 25 மீ, அகலம் 10 மீ. ஒரு முனையில் ஆழம் 1 மீ, மறுமுனையில் 2 மீ. தரை ஒரே சீராகச் சரிகிறது. குளம் நிறைய எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்?

*மூன்றாம் நிலை: உருளை*

5. ஆரம் 7 செ.மீ, உயரம் 10 செ.மீ உள்ள உருளையின் கன அளவு என்ன?
6. விட்டம் 14 செ.மீ, உயரம் 10 செ.மீ உள்ள உருளையின் கன அளவு என்ன?
7. 44 செ.மீ நீளமும் 10 செ.மீ அகலமும் உள்ள அட்டையை, விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் உருட்டி ஒட்டுகிறோம். 44 செ.மீ பக்கம் வட்டமாகும்படி உருட்டினால் கன அளவு என்ன? 10 செ.மீ பக்கம் வட்டமாகும்படி உருட்டினால் என்ன?

*நான்காம் நிலை: அலகு, வித்தியாசம், தலைகீழ்*

8. ஓர் உருளை வடிவத் தண்ணீர்த் தொட்டியின் விட்டம் 140 செ.மீ, உயரம் 1 மீ. 14 லிட்டர் குடத்தால் எத்தனை குடம் ஊற்றினால் நிறையும்?
9. 7 செ.மீ ஆரமுள்ள உருளைப் பாத்திரத்தில் 12 செ.மீ உயரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. ஒரு கல்லை முழுவதும் மூழ்கும்படி போட்டதும் தண்ணீர் 14 செ.மீக்கு உயர்ந்தது. கல்லின் கன அளவு என்ன?
10. 2.8 மீ விட்டத்தில் 15 மீ ஆழத்துக்கு ஒரு கிணறு வெட்டினார்கள். தோண்டிய மண்ணை 22 மீ நீளமும் 14 மீ அகலமும் உள்ள மனையில் சமமாகப் பரப்பினால் தரை எவ்வளவு உயரும்?

ஏழாம் கணக்கு

இந்தத் தாளில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டியது ஏழாம் கணக்கு. ஒரே அட்டையை இரண்டு விதமாக உருட்டுகிறோம். அட்டை மாறாததால் கன அளவும் மாறாது என்றுதான் பெரியவர்களுக்குக்கூடத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் ஒன்று 1540 கன செ.மீ, மற்றது வெறும் 350.

44 செ.மீ பக்கம் சுற்றளவானால் 2 × 22/7 × ஆரம் = 44. ஆரம் 7 செ.மீ, உயரம் 10 செ.மீ. இது ஐந்தாம் கணக்கின் உருளையேதான். 10 செ.மீ பக்கம் சுற்றளவானால் ஆரம் 35/22 செ.மீ, அதாவது ஏறத்தாழ 1.6 செ.மீ, உயரம் 44 செ.மீ. உயரம் 4.4 மடங்கு கூடியது, ஆரம் 4.4 மடங்கு குறைந்தது. ஆனால் கன அளவில் ஆரம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, உயரம் ஒரே முறைதான். அதனால் குறைந்தது வென்றுவிடுகிறது. கன அளவும் 4.4 மடங்கு குறைகிறது.

இத்தாலிய அறிவியலாளர் கலிலியோ 1638-இல் வெளியான தம் கடைசி நூலில் இதே செய்தியைத் தானியச் சாக்கை வைத்து விளக்கினார். ஒரே துணியில் தைத்தாலும், குட்டையாகவும் அகலமாகவும் தைத்த சாக்கில் கூடுதல் தானியம் கொள்ளும் என்று அவர் காட்டினார். வீட்டில் இரண்டு அட்டைக் குழாய்கள் செய்து, ஒன்றில் அரிசி நிரப்பி மற்றதில் கொட்டிப் பார்த்தால் பிள்ளைக்கு இது மறக்காது.

விடைகள், வழிமுறையோடு

விடை எண் மட்டும் தரும் குறிப்பால் பயன் குறைவு. பிள்ளை எழுதிய தவறான எண்ணே, எங்கே தவறியது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். ஆகவே அதையும் சேர்த்தே தந்திருக்கிறேன்.

1. 24 × 10 = 240 க.செ.மீ.

2. அடிப்பரப்பு ½ × 8 × 6 = 24. கன அளவு 24 × 10 = 240 க.செ.மீ. முதல் கணக்கின் விடையே வந்தது ஏன் என்று கேளுங்கள். அடிப்பரப்பும் உயரமும் ஒன்றானால் கன அளவும் ஒன்றே என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். 480 வந்தால் ½ விடுபட்டிருக்கிறது.

3. முக்கோணப் பரப்பு ½ × 3 × 2 = 3. கன அளவு 3 × 4 = 12 க.மீ. இங்கே 24 என்ற தவறுக்கு இரண்டு வழிகள் உண்டு. ½-ஐ மறந்தாலும் 24 வரும். கூடாரத்தின் தரையை (3 × 4) அடிப்பக்கமாகவும் 2-ஐ உயரமாகவும் கொண்டாலும் 24 வரும். முதல் பிள்ளைக்கு முக்கோணப் பரப்பை நினைவூட்டினால் போதும். இரண்டாம் பிள்ளைக்குப் பட்டகம் என்றால் என்ன என்பதையே மறுபடி சொல்ல வேண்டும். வழிமுறையை எழுத வைத்தால்தான் யார் எவர் என்று தெரியும்.

4. பக்கவாட்டுச் சுவர்தான் அடிப்பக்கம். அது ஒரு சரிவகம். பரப்பு ½ × (1 + 2) × 25 = 37.5 ச.மீ. உயரமாகக் கொள்ள வேண்டியது குளத்தின் அகலமான 10 மீ. 37.5 × 10 = 375 க.மீ. 1 கன மீட்டரில் 1000 லிட்டர் அடங்கும். ஆகவே 3,75,000 லிட்டர். 5,00,000 வந்தால், குளம் முழுவதும் 2 மீ ஆழம் என்று கொண்டிருக்கிறது.

5. 22/7 × 7 × 7 × 10 = 1540 க.செ.மீ. 3.14 போட்ட பிள்ளைக்கு 1538.6 வரும். அது தவறல்ல, இரண்டுமே π-இன் தோராய மதிப்புகள்தான்.

6. ஆரம் 7 செ.மீ. விடை மறுபடியும் 1540 க.செ.மீ. 6160 வந்தால், விட்டத்தை ஆரமாகப் போட்டிருக்கிறது. ஆரம் இரட்டித்தால் விடை நான்கு மடங்காகும் என்பதை அந்த எண்ணை வைத்தே காட்டலாம்.

7. 1540 க.செ.மீ, 350 க.செ.மீ. இரண்டாவதற்கு: 22/7 × 35/22 × 35/22 × 44 = 350.

8. எல்லாவற்றையும் செ.மீக்கு மாற்ற வேண்டும். 22/7 × 70 × 70 × 100 = 15,40,000 க.செ.மீ. 1000 க.செ.மீ ஒரு லிட்டர். ஆகவே 1540 லிட்டர். 1540 ÷ 14 = 110 குடம். உயரத்தை 1 என்றே விட்டால் 15.4 லிட்டர் வரும். ஒரு குடத்தைவிடச் சற்றே கூடுதல் தண்ணீரில் அவ்வளவு பெரிய தொட்டி நிறையுமா என்று கேட்டால், பிள்ளையே தவறைப் பிடித்துவிடும்.

9. உயர்வு 14 − 12 = 2 செ.மீ. 22/7 × 7 × 7 × 2 = 308 க.செ.மீ. 2156 வந்தால், உயர்வை எடுக்காமல் 14-ஐயே பெருக்கியிருக்கிறது. கல்லுக்கு ஒழுங்கான வடிவமே இல்லாதபோதும் உருளை அதை அளந்து தருகிறது.

10. ஆரம் 1.4 மீ. மண் 22/7 × 1.4 × 1.4 × 15 = 92.4 க.மீ. மனையின் பரப்பு 22 × 14 = 308 ச.மீ. 92.4 ÷ 308 = 0.3 மீ, அதாவது 30 செ.மீ. 1.2 மீ வந்தால் மறுபடியும் விட்டத் தவறு. உண்மையில் தோண்டிய மண் உதிர்ந்து இளகிக் கூடுதல் இடம் பிடிக்கும். அதனால் பரப்பியவுடன் தரை 30 செ.மீக்கு மேலேயே நிற்கும். கெட்டித்தால்தான் கணக்குக்கு அருகே வரும்.

தாளை ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. மூன்றும் நான்கும் சரியாக வராத பிள்ளையை உருளைக்கு அனுப்ப வேண்டாம். உருளையில் அடிப்பக்கம் வட்டம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுவதால், ஐந்தாம் கணக்கில் சூத்திரத்தை மனப்பாடமாகப் போட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அடிப்பக்கத்தைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்ததா என்பதைக் கூடாரமும் குளமும்தான் காட்டிக்கொடுக்கும்.