நான்கு தொழில், ஒரு தாள், அறுபதாயிரம் ரூபாய்

ஆரணியில் தறி இருக்கும் வீட்டில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஓர் இடத்தில் வந்து நிற்கும். "இந்தக் கூலியோடு நாமும் ஏதாவது கைத்தொழில் செய்தால் என்ன?" என்ற இடம்தான் அது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் பெரும்பாலான நெசவாளர்கள் முதலாளி கொடுக்கும் பாவையும் ஊடையையும் ஜரிகையையும் வாங்கி, நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறவர்கள்தான். சேமிப்பு சின்னது. அதைப் போட்டு ஒரு தொழிலை ஆரம்பித்து, அது தப்பாகப் போனால் அடுத்த சேமிப்புக்கு நாலைந்து வருஷம் ஆகும்.

அதனால்தான் 'எது நல்ல தொழில்?' என்று ஊரைக் கேட்பதைவிட, 'நம் வீட்டுக்கு எது பொருந்தும்?' என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

ஒரு குடும்பத்தை வைத்தே பார்ப்போம். கணவர் தறியில் இருக்கிறார். மனைவிக்கு முப்பத்தைந்து வயது, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். காலையிலும் மாலையிலும் சமையல், பிள்ளைகள், ஊடைக்குத் தார் சுற்றுவது என்று நேரம் போய்விடுகிறது. பத்தரையிலிருந்து இரண்டரை வரை நான்கு மணி நேரம்தான் அவருக்கென்று மிஞ்சுகிறது. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. இங்கே வரும் தொகைகள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை. உங்கள் தெருவில் விசாரித்து, உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் மனதில் நான்கு யோசனைகள். சொந்தமாகப் பட்டு நூல் வாங்கிப் பாவு போட்டு, சேலை நெய்து தாங்களே விற்பது. கடைகளில் சேலை வாங்கிவந்து குஞ்சம் கட்டி, ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பது. ஆரி வேலை கற்றுக்கொண்டு கல்யாண பிளவுஸ் செய்வது. இட்லி, தோசை மாவு அரைத்து விற்பது.

முதலில் வாசல்படி

மதிப்பெண் போடுவதற்கு முன்னால் இரண்டு வாசல்படிகள் வைக்க வேண்டும். தாண்ட முடியாத யோசனை உள்ளேயே வரக்கூடாது. இந்தக் குடும்பம் வைத்தவை இவை: ஒன்று, ஆறு மாதத்தில் மூடும்படி ஆனாலும் நஷ்டம் 20,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. இரண்டு, நிலைத்த பிறகு செலவு போக மாதம் 5,000 ரூபாயாவது வரவேண்டும்.

இந்த இரண்டாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பணம், திறமை, நேரம், ரிஸ்க் என்ற நான்கையும் பாருங்கள். அவை எல்லாமே தொழில் நம்மிடம் என்ன கேட்கிறது என்பதைத்தான் அளக்கின்றன. நமக்கு என்ன தருகிறது என்பது அதில் இல்லை. அதனால் வருமானத்தைத் தனியாகப் பார்க்காவிட்டால், குறைவாகக் கேட்டுக் குறைவாகத் தரும் தொழில்தான் எப்போதும் ஜெயிக்கும்.

அளவுகோலை முதலில் எழுதுங்கள்

அடுத்து, நான்கு விஷயங்களுக்கும் சேர்த்து 100 புள்ளிகளைப் பங்கிட வேண்டும். நம் வீட்டில் எது தட்டுப்பாடோ அதற்குக் கூடுதல் புள்ளி. இந்த வீட்டில் பணத்துக்கு 30, திறமைக்கு 20, நேரத்துக்கு 20, ரிஸ்குக்கு 30. கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பேசி முடிவு செய்தால் நல்லது. முக்கியமாக, தொழில்களுக்கு மதிப்பெண் போடும் முன்பே இதை எழுதி முடித்துவிடுங்கள். பிறகு எழுதினால், மனதுக்குப் பிடித்த தொழில் ஜெயிக்கிற மாதிரி கை தானாகப் பங்கிட்டுவிடும்.

பிறகு ஒவ்வொரு தொழிலுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் நமக்குச் சாதகம், 1 என்றால் பாதகம். ரிஸ்க் கட்டத்தில்தான் இங்கே தவறு வரும். 'ரிஸ்க் அதிகம், அதனால் 5' என்று போட்டுவிட்டால் ஆபத்தான தொழில் மேலே ஏறிவிடும். அந்தக் கட்டத்துக்குப் 'பத்திரம்' என்று பெயர் வைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

எத்தனை ரூபாய்க்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் எழுதிவையுங்கள். இவர்கள் 10,000க்குள் முடிந்தால் 5, 20,000 வரை 4, 30,000 வரை 3, 45,000 வரை 2, மொத்தமும் போனால் 1 என்று வைத்தார்கள். கடன் கிடைக்கிறதே என்று மதிப்பெண்ணைக் கூட்டக்கூடாது. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. ஆனால் தவணை நம் வருமானத்திலிருந்துதான் போகும்.

| தொழில் | பணம் (30) | திறமை (20) | நேரம் (20) | பத்திரம் (30) | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| சொந்தப் பாவு | 1 | 5 | 3 | 1 | 220 |
| குஞ்சம், ஃபால்ஸ் | 5 | 5 | 4 | 4 | 450 |
| ஆரி பிளவுஸ் | 4 | 2 | 4 | 3 | 330 |
| மாவு | 3 | 4 | 2 | 4 | 330 |

மொத்தம் எப்படி வந்தது? மதிப்பெண்ணை அந்தக் கட்டத்தின் புள்ளியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். மாவுக்கு 3×30, 4×20, 2×20, 4×30. அதாவது 90, 80, 40, 120. கூட்டினால் 330.

அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

சொந்தப் பாவில் திறமைக்கு முழு மதிப்பெண். நெசவு தெரிந்த வீடு அல்லவா? ஆனால் பட்டு நூல், சாயம், ஜரிகை என்று முதல் சேலை விற்கும் முன்பே பணம் முழுவதும் இறங்கிவிடும். ஒரே பாவில் வரும் சேலைகளின் உடல் நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த நிறம் போகவில்லை என்றால் எல்லாச் சேலையும் சேர்ந்தே தேங்கும். அவசரத்துக்குப் பாதி விலைக்குத் தள்ளினால் நஷ்டம் 30,000. முதல் வாசல்படியே தாண்டவில்லை. 'நமக்குத்தான் தெரியுமே' என்ற ஒரே காரணத்துக்காகத் தொடங்கும் தொழில்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன.

450 வாங்கிய குஞ்சம் முதலிடம். உடனே ஆரம்பிக்கலாமா? இரண்டு கடைகளில் கேட்டதில் வாரத்துக்குப் பத்துச் சேலை தருவதாகச் சொன்னார்கள். ஒரு சேலைக்கு நூல் செலவு போக 50 ரூபாய் நிற்கும். வாரம் 500, மாதம் 2,000. கையில் நேரம் இருக்கிறது, வேலைதான் அவ்வளவுக்கு மேல் வரவில்லை. இரண்டாவது வாசல்படியில் இதுவும் நின்றுவிட்டது.

மிஞ்சியவை ஆரியும் மாவும். மாவில் தினம் 15 கிலோ, கிலோவுக்கு 15 ரூபாய் நின்றால், 26 நாளுக்கு 5,850. ஆரியில் கற்று முடித்த பிறகு வாரம் இரண்டு பிளவுஸ், ஒன்றுக்குக் கைக்கூலி 900 என்றால் மாதம் 7,200. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. வருஷத்தில் ஒன்பது மாதம்தான் வேலை என்று வைத்தால் 64,800. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,400. இரண்டும் படியைத் தாண்டுகின்றன, மதிப்பெண்ணும் சமம்.

சமமாக வந்தால் என்ன செய்வது?

புள்ளிகளைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். திறமைக்கு 30, நேரத்துக்கு 10 என்று மாற்றினால் மாவு 350, ஆரி 310. நேரத்துக்கு 30, பணத்துக்கு 20 என்று மாற்றினால் ஆரி 330, மாவு 320. ஆக, போட்டி திறமைக்கும் நேரத்துக்கும் நடுவில்தான். இதைக் கண்டுபிடித்துத் தருவதுதான் அட்டவணையின் உண்மையான உபயோகம்.

இப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. குறைந்த மதிப்பெண்ணில் எதை நம்மால் உயர்த்த முடியும்?

மாவுக்கு நேரத்தில் 2. மாலையில் அரைக்க வேண்டும், வாடிக்கையாளர் வருவதும் காலையிலும் மாலையிலும்தான். பிள்ளைகளுக்கும் தாருக்கும் வேண்டிய நேரமும் அதுவே. கடைகளுக்கு மொத்தமாகப் போட்டால் நேரம் மிஞ்சும். ஆனால் லாபம் பாதியானால் மாதம் 2,925தான், படி தாண்டாது. ஆரிக்குத் திறமையில் 2. அது மூன்று மாதம் கற்றால் 4 ஆகும். அப்போது மொத்தம் 370. நேரத்தை விலைக்கு வாங்க முடியாது, திறமையைக் கற்றுக்கொள்ள முடியும். முடிவு ஆரி பக்கம் சாய்ந்தது.

குஞ்சத்தை அடியோடு விடவேண்டியதில்லை. கற்கும் மூன்று மாதமும் அதைச் செய்தால் 6,000 ரூபாய் வரும். குஞ்சம் கட்டக் கொடுக்கும் கல்யாண வீட்டுக்காரர்தான் நாளை ஆரி பிளவுஸும் கேட்பார்.

எங்கே சறுக்கும்?

மதிப்பெண் எல்லாம் நம் ஊகம்தான். 330க்கும் 340க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே பயத்தை இரண்டு கட்டத்திலும் போடாதீர்கள். போடும் முதல் பணம் கட்டத்தில் வந்துவிட்டது. பத்திரம் கட்டத்தில் சரக்கு தேங்குமா, வேலை நிற்குமா என்பதை மட்டும் பாருங்கள். ஒரே உட்காரலில் முடிக்கவும் வேண்டாம். 1772இல் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின், விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், தாளை இரண்டாகப் பிரித்துச் சாதக பாதகங்களை மூன்று நான்கு நாள் எழுதிவந்து, பிறகு சம எடை உள்ளவற்றை அடித்துவிடுவதுதான் தன் வழக்கம் என்கிறார். இன்று தோன்றாத ஒரு செலவு நாளைக் காலையில் தோன்றும்.

கடைசியாக, பெரிய ஸ்டாண்டும் மணிகளும் வாங்கும் முன்பு, சொந்தக்காரர்களுக்கு ஐந்து பிளவுஸ் செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று நோட்டில் குறிக்க வேண்டும். வாரம் இரண்டு என்ற கணக்கு, ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பதை நம்பித்தான் நிற்கிறது. ஐந்தாவது பிளவுஸுக்கும் இருபது மணி நேரம் ஆனால், வாரத்துக்கு ஒன்றுதான் முடியும். மாதம் 3,600தான் வரும். அப்போது கூலியைக் கூட்டிக் கேட்க வேண்டும், இல்லையென்றால் தாளை மறுபடி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் போயிருப்பது பயிற்சிக் கட்டணமும் கொஞ்சம் மணியும்தான். மிச்சப் பணம் பீரோவில் பத்திரமாக இருக்கும்.