நூல் எங்கே போகிறது?

ஷூ வாங்கிய நான்கே மாதத்தில் முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பெண் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுத் தாத்தாவிடம் போனாள். ஊர் ஆம்பூர். அங்கே ஷூ கம்பெனி ஒன்றில் பல வருஷம் தைத்து, பிறகு தெருமுனையில் பழுது பார்த்து, இப்போது கண் மங்கி ஓய்ந்திருப்பவர் அவர்.

"சுத்திலும் தையல் போட்டிருக்கே தாத்தா, அப்புறம் எப்படிப் பிரிஞ்சது?"

அவர் ஷூவைக் கவிழ்த்துக் கொடுத்தார். "மேல தெரியுற நூல் அடியில வருதான்னு பாரு." வரவில்லை. சோலின் அடியில் தையல் மாதிரி ஒரு வரிப்பள்ளம் மட்டும் அச்சில் வார்க்கப்பட்டிருந்தது. விளிம்பைக் கத்தியால் லேசாகக் கீறிக் காட்டினார். நூல் மேலே இருந்த பட்டையோடு நின்றுவிட்டது. சோலைப் பிடித்துக்கொண்டிருந்தது வெறும் பசை.

பசை போட்டு ஒட்டுவது மோசடி அல்ல. இன்று கடையில் இருக்கும் ஷூக்களில் பெரும்பாலானவை ஒட்டியவைதான். சுத்தமாக ஒட்டினால் நன்றாகவே உழைக்கும். ஒட்டியதைத் தைத்ததுபோல் காட்டி விலையை ஏற்றுவதுதான் ஏமாற்று.

உண்மையிலேயே சோலைத் தைப்பதில் இரண்டு வழிகள் பரவலானவை. ஒன்று, உள்ளே பாதம் படும் அட்டையிலிருந்து சோல்வரை நேராகக் குத்தி இறக்குவது. லைமன் பிளேக் என்ற அமெரிக்கர் 1858இல் இதற்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தையலுக்கும் அவர் பெயரே நிலைத்தது. இந்த வகை ஷூவின் உள்ளே கைவிட்டுத் தடவினால் ஓரத்தை ஒட்டித் தையல் வரிசை விரலில் தட்டுப்படும். மேலே மெத்தை ஒட்டியிருந்தால் தட்டுப்படாமலும் போகலாம்.

மற்றொன்று குட்இயர் வெல்ட். மேல்தோலையும் உள்ளட்டையையும் சேர்த்து, சுற்றிலும் ஒரு தோல் பட்டையை முதலில் தைப்பார்கள். பிறகு அந்தப் பட்டையோடு சோலைத் தைப்பார்கள். சோல் தேய்ந்தால் அந்த இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புதுச் சோல் போடலாம். மேல்தோலில் ஊசி படவே படாது. விலை கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தாத்தா பிளந்த இடத்தைச் சுரண்டித் துடைத்து, பசை தடவி, தைக்கவும் செய்தார். கொக்கி ஊசியை வெளியிலிருந்து குத்தி, உள்ளே இருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி வளையமாக வெளியே இழுத்தார். வெளியே கிடந்த நூல்முனையை அந்த வளையத்துக்குள் விட்டு, இரண்டு நூலையும் ஒருசேர இறுக்கினார். ஒவ்வொரு துளையிலும் நூல்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால் ஓரிடத்தில் அறுந்தாலும் வரிசை முழுதும் உருவிக்கொண்டு வராது.

"அப்போ நெருக்கமா தைச்சிருந்தாத்தான் நல்ல ஷூவா?"

நம்மில் பலரும் நினைப்பது அதைத்தான். அவர் ஒரு துண்டுத் தோலை எடுத்து ஊசியால் நெருக்கி நெருக்கிக் குத்தி அவளிடம் கொடுத்தார். இழுத்ததும் அது தபால்தலைபோலத் துளை வழியே கிழிந்து வந்தது. தோல் துணி மாதிரி இல்லை. குத்திய துளை மூடாது. சாதாரண மேல்தோலுக்கு அங்குலத்துக்கு எட்டிலிருந்து பத்துத் தையல் போதும். தோல் மெல்லிசாகி, நூலும் ஊசியும் சன்னமானால் இன்னும் சில கூடலாம். எண்ணிக்கையைவிட இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இரண்டு தையல் நெருங்கி, அடுத்தது தள்ளிப் போயிருந்தால் தோல் நழுவியிருக்கிறது, தைத்தவர் கவனிக்கவில்லை என்று அர்த்தம். துளை நூலைவிடப் பெரிதாகத் தெரிந்தால் ஊசி தடிமன். மழையில் தண்ணீர் இறங்கும்.

பிறகு ஷூவில் ஒரே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். கயிறு கட்டும் இரண்டு பக்கத் தோலும் முன்பக்கத் தோலோடு சேருகிற மூலை. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் இழுபடுவது அங்கேதான். "இங்க ரெண்டு வரிசை இருக்கணும் கண்ணு. மூலையில குறுக்க நாலு தையல் அழுத்திப் போட்டிருக்கணும்." அவள் ஷூவில் ஒற்றை வரிசைதான், அதிலும் நூல்முனை பிசிறிக்கொண்டிருந்தது.

இந்தப் பாடத்துக்கும் எல்லை உண்டு. விலை உயர்ந்த சில ஷூக்களில் சோலின் அடித்தோலைக் கீறி, அதற்குள் தைத்து, மடிப்பை மூடி ஒட்டிவிடுவார்கள். அடியில் நூல் தெரியவில்லை என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்கக் கூடாது. ரப்பர் சோல் போட்ட பள்ளிக்கூட ஷூவுக்கோ சோல் தையலைத் தேடுவதே வீண் வேலை. அதற்கு அவர் சொன்ன சோதனை வேறு: முன்பாதத்தை வளைத்து, சோலும் தோலும் சேரும் கோட்டை வெளிச்சத்தில் பார்ப்பது. மயிரிழை இடைவெளி தெரிந்தாலும், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், அந்த ஜோடி வேண்டாம்.