முதலில் நகர்வது யார்?

தல்லாகுளம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எதிர்சேவைக் கூட்டத்தைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்கிறார்களே, அந்தப் படத்தை நம்பலாமா?"

படத்தை நம்பாதீர்கள். நீலப் புள்ளிகள் ஊர்ந்து வரும், நெருக்கம் கூடினால் சிவக்கும், பின்னணியில் ஓர் இசையும் ஒலிக்கும். எந்த விதியைக் கொடுத்தாலும் புள்ளிகள் ஊரத்தான் செய்யும். தப்பான விதிக்கும் அதே நீலம், அதே சிவப்பு. அந்தப் படத்தோடு நாலைந்து பக்கம் எழுத்து வருகிறதா என்று கேளுங்கள். புள்ளி என்பது யார், எதைப் பார்த்து நகர்கிறது, எந்த வரிசையில் நகர்கிறது என்பதையெல்லாம் சாதாரண வாக்கியங்களில் சொல்லும் எழுத்து. அது இல்லாமல் வரும் சிமுலேஷன் சோதிடரின் கட்டத்துக்குச் சமம். பலன் மட்டும் தெரியும்.

தல்லாகுளத்துக்கு நாமே ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். தரையை 40 செ.மீ. சதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒரு கட்டத்தில் ஒருவர்தான் நிற்கலாம். முன்னால் உள்ள கட்டம் காலியாக இருந்தால் அடி எடுத்து வைக்கலாம், இல்லையென்றால் நிற்க வேண்டியதுதான். மனிதர் விநாடிக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர் நடப்பார் என்றால், ஒரு கட்டம் தாண்ட 0.3 விநாடி, அதை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2001இல் வெளியிட்ட புகழ்பெற்ற மாதிரியின் எலும்புக்கூடும் ஏறக்குறைய இதுதான். விதியில் ஒளிவுமறைவு எதுவும் இல்லையே என்று தோன்றும். இருக்கிறது.

ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய ஒரு சந்தில் நூறு பேர் இடைவெளியின்றி நிற்கிறார்கள். வாசல் திறக்கிறது. எல்லாரும் வெளியேற எவ்வளவு நேரம் ஆகும்?

கம்ப்யூட்டர் எல்லாரையும் ஒரே கணத்தில் பார்ப்பதில்லை, ஒவ்வொருவராகத்தான் பார்க்கிறது. வாசலோரம் நிற்பவரிலிருந்து ஆரம்பித்தால், அவர் நகர்ந்துவிடுகிறார், அவர் விட்ட கட்டம் அடுத்தவருக்குக் காலியாகத் தெரிகிறது, அவரும் நகர்கிறார். ஒரே சுற்றில் நூறு பேரும் ஓரடி முன்னே வந்துவிடுவார்கள். சுற்றுக்கு ஒருவர் வீதம் நூறு சுற்று, அதாவது 30 விநாடி.

இப்போது வேறு மாதிரி. சுற்று தொடங்கும்போது எல்லாரும் முன்னால் பார்த்து முடிவெடுத்துக்கொள்கிறார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாக நகர்கிறார்கள். முதல் சுற்றில் முன்னால் காலியிடம் இருப்பது ஒருவருக்கு மட்டுமே. இரண்டாமவருக்கு அடுத்த சுற்றில், மூன்றாமவருக்கு அதற்கடுத்த சுற்றில். காலியிடம் பின்னோக்கி ஊர்ந்துபோகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருவர்தான் வெளியேறுவார். ஏறத்தாழ இருநூறு சுற்று, ஒரு நிமிடம்.

மூன்றாவது வழி சீட்டு. கூட்டத்திலிருந்து ஒருவரைக் குலுக்கி எடுத்து, முடிந்தால் நகர்த்துவது. எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை சீட்டு எடுத்தால் ஒரு சுற்று. இதில் நகர முடியாதவருக்குச் சீட்டு விழுந்து வீணாகும், நகர முடிந்தவருக்கு விழாமல் போகும். கணிதம் படித்தவர்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள்: சராசரியாக நாலு சுற்றுக்கு ஒருவர். நானூறு சுற்று, இரண்டு நிமிடம்.

அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். விதி ஒன்று, கட்டம் ஒன்று, கூட்டம் ஒன்று. மாறியது யாரை முதலில் பார்ப்பது என்பது மட்டும்தான். போலீஸ்காரரிடம் "சந்து அரை நிமிடத்தில் காலியாகும்" என்று சொல்வதா, "இரண்டு நிமிடம்" என்பதா என்பதை மாதிரி எழுதியவர் கவனமின்றிப் போட்ட ஒரு வரி தீர்மானித்துவிடுகிறது.

இதைப் பந்தியில் பார்க்கலாம். விதி: இலையில் சோறு இருந்தால்தான் சாம்பார். சோற்றுக்காரர் முன்னே, சாம்பார் வாளி பின்னே என்றால் ஒரே நடையில் வரிசை முழுக்கச் சாப்பிட ஆரம்பித்துவிடும். வாளி முன்னே போனால் ஒவ்வொரு இலையிலும் சோறு இல்லை என்று பார்த்துவிட்டுக் கடைசிவரை போய்த் திரும்பி வர வேண்டும். இருவரும் மனம்போன இலைக்குப் போனால், நடுவரிசை மாமா சோற்றை வைத்துக்கொண்டு சாம்பாருக்குக் காத்திருப்பார். மூன்று பந்தியிலும் விதியை யாரும் மீறவில்லை, மூன்றிலும் சமையல் ஒன்றுதான், ஆனால் ஒரு பந்தியில் சம்பந்தி கோபித்துக்கொண்டு போய்விடுகிறார். (பாயசக்காரரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் எந்த வரிசைக்கும் கட்டுப்பட்டவர் அல்லர்.)

இது கூட்ட நெரிசலை ஆராய்பவர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி என்று நினைக்க வேண்டாம். 1992இல் நோவாக், மே என்ற இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்ட விளையாட்டை வெளியிட்டார்கள். ஒத்துழைப்பவர்களும் ஏமாற்றுபவர்களும் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து மாறிக்கொண்டே, பாய்ப் பின்னல் போன்ற அழகான கோலங்களில் சேர்ந்து வாழ்ந்தார்கள். அடுத்த ஆண்டே ஹூபர்மன், கிளான்ஸ் என்ற இருவர், எல்லாரையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒவ்வொருவராக மாற்றிப் பார்த்தார்கள். கோலம் கலைந்தது, ஏமாற்றுபவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள். வேறு எண்களைக் கொடுத்தால் ஒத்துழைப்பு பிழைக்கிறது என்று நோவாக் தரப்பு பதில் சொன்னது, அதுவும் உண்மையே. ஆனால் இந்த வாதமே நடக்க முடிந்ததற்குக் காரணம், முதல் கட்டுரையில் எந்த வரிசையில் மாற்றினோம் என்று தெளிவாக எழுதியிருந்ததுதான்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்காக: இப்படிப்பட்ட மாதிரிகளை ஒவ்வொருவரும் தம் இஷ்டத்துக்கு விவரித்துவந்த காலத்தில், வோல்கர் கிரிம் என்ற ஜெர்மன் சூழலியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2006இல் ஒரு பொது எழுத்துமுறையைக் கொண்டுவந்தார்கள். ஓடிடி என்பது பெயர். 2010இலும் 2020இலும் திருத்தினார்கள். நோக்கம், யார் யார், நிகழ்வுகளின் வரிசை, தொடக்க நிலை உட்பட ஏழு தலைப்புகளில் எழுத வேண்டும். ஏழையும் நிரப்பிவிட்டு எதையும் சொல்லாமல் தப்பிக்கிற கட்டுரைகளும் ஏராளம். ஆகவே தலைப்பை விடுங்கள், வாக்கியத்தைப் பாருங்கள்.

மோசமான வாக்கியம் இப்படி இருக்கும்: "பாதசாரிகள் யதார்த்தமான நடத்தை விதிகளின்படி ஒவ்வொரு சுற்றிலும் புதுப்பிக்கப்படுகிறார்கள்." இதில் ஒரு தகவலும் இல்லை. நல்லது இப்படி: "ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் முதலில் தமக்கு வேண்டிய கட்டத்தைத் தேர்கிறார்கள்; அதற்குள் யாரும் நகர்வதில்லை. ஒரே கட்டத்தை இருவர் தேர்ந்தால் சீட்டுப் போட்டு ஒருவரை விடுகிறோம், மற்றவர் நிற்கிறார். எல்லாரையும் ஒன்றாக நகர்த்திய பிறகே நெருக்கத்தை அளக்கிறோம்." இதைப் படிப்பவருக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு காகிதத்தில் ஐந்து புளியங்கொட்டையை வைத்து நகர்த்திப் பார்த்தே, இது ஒரு நிமிடக் கணக்கா அரை நிமிடக் கணக்கா என்று சொல்லிவிடலாம். கோரிப்பாளையம் சிக்னலில் எடுத்த ஒரு வீடியோவோடும் ஒப்பிடலாம்: முன்னவர் நகர்ந்த பிறகு எத்தனை விநாடி கழித்துக் கடைசி ஆள் அசைகிறார்? முன்னிருந்து ஆரம்பிக்கும் மாதிரியில் அவர் அதே சுற்றில் அசைந்துவிடுவார். உண்மையில் எந்த வரிசையும் அப்படி அசைந்ததில்லை.

அடுத்து, எல்லாரும் தாண்டிப்போகிற ஒரு சிறு வாக்கியம்: "கட்டம் 40 செ.மீ., ஒரு கட்டத்தில் ஒருவர்." பெருக்கிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஆறேகால் கட்டம். அதாவது இந்த மாதிரியில் சதுர மீட்டருக்கு 6.25 பேருக்கு மேல் நெருக்கம் வரவே வராது. விதி தடுத்துவிடும். 2006 ஜனவரியில் மெக்கா அருகே மினாவில் நடந்த நெரிசலில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே எடுத்த வீடியோவை ஹெல்பிங் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆராய்ந்தபோது, சில இடங்களில் நெருக்கம் சதுர மீட்டருக்குப் பத்துப் பேர் வரை போயிருந்தது. அந்த அளவில் யாரும் நடப்பதில்லை. கூட்டம் அலையாகத் தள்ளப்பட்டு, நினைத்துப் பார்க்க முடியாத திசையில் வீசப்படுகிறது. உயிர் போவது அந்த அலையில்தான். நம் மாதிரியில் அந்த அலை உருவாகவே இடமில்லை. "எங்கள் சிமுலேஷனில் ஆபத்தான நெருக்கம் தென்படவில்லை" என்று ஓர் அறிக்கை வந்தால் அது பொய்யாகாது. காட்ட முடியாத ஒன்றைக் காட்டவில்லை, அவ்வளவுதான். 2022 சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இருவர் இறந்த ஊர் இது. இந்த ஒரு வரி எங்கோ பின்னிணைப்பில் ஒளிந்திருக்கக் கூடாது.

நோக்கத்தையும் எழுத வேண்டும் என்று ஓடிடி வற்புறுத்துவது இதனால்தான். பெரும்பாலான கூட்ட மாதிரிகள் தீப்பிடித்த அரங்கிலிருந்து வெளியேறுவதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வாசல் உண்டு, அங்கே போய்ச் சேர்ந்தால் காணாமல் போகும். தல்லாகுளத்தில் வெளியேற யார் வந்தார்கள்? பெருமாள் கோயிலில் ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு அழகர் குதிரை வாகனத்தில் புறப்படும்போது கூட்டத்தின் இலக்கே நகர ஆரம்பிக்கிறது. மண்டகப்படிக்கு மண்டகப்படி அது நிற்கிறது. தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுபவர்கள் முன்னே ஓடிப் பின்னே திரும்புகிறார்கள். குழந்தையைத் தோளில் ஏற்றிய அப்பா நகரவே விரும்பவில்லை. நன்றாகத் தெரியும் இடம் கிடைத்துவிட்டது. வாசலைத் தேடும் மாதிரியை இங்கே கொண்டுவந்து ஓட்டினால் புள்ளிகள் சமர்த்தாகக் கலைந்துபோகும்.

கடைசியாக எண்கள். உஜ்ஜல் சட்டராஜ், பார்த்தா சக்ரவர்த்தி ஆகிய ஐஐடி கான்பூர் ஆய்வாளர்களும் ஜெர்மனியின் ஆர்மின் சைஃப்ரைடும் 2009இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். இரு நாட்டிலும் ஒரே மாதிரியான பாதையில் ஆட்களை ஒற்றை வரிசையில் நடக்கவிட்டார்கள். நின்றுவிட்ட நிலையில் ஜெர்மானியருக்குத் தேவைப்பட்ட இடம் ஏறத்தாழ 36 செ.மீ.; இந்தியருக்கு 22 செ.மீ. அரை மீட்டர் இடைவெளியில் நம் வரிசை அவர்களுடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. நகரப் பேருந்தில் ஏறியவர்களுக்கு இது வியப்பான செய்தி அல்ல. ஆனால் விலைக்கு வாங்கிய மென்பொருளில் யாரோ ஓர் ஐரோப்பியரின் இடைவெளி முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். அதை மாற்றினோமா, எந்த ஆய்விலிருந்து எடுத்து மாற்றினோம் என்று எழுதாவிட்டால் படத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

22 செ.மீ. என்பதும் தல்லாகுளத்தின் எண் அல்ல. தடையில்லாத சமதரையில், ஒற்றை வரிசையில், ஆய்வுக்கென்று நடந்தவர்களிடம் எடுத்தது அது. நனைந்த தாரில் வெறுங்காலோடு, கையில் சர்க்கரைச் செம்பும் தீபமும் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை யாராவது ஒரு மாடியிலிருந்து வீடியோ எடுத்து அளக்கலாம். அளந்து புது எண்ணை எழுதும்வரை, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் "கான்பூர் ஆய்விலிருந்து எடுத்தது" என்ற குறிப்பு அப்படியே இருக்கட்டும்.