நகத்தில் சிக்கும் பள்ளம்

அப்பா ஓய்வுபெற்ற நாள். பகல் ஷிப்ட் முடிந்ததும் மில் கேன்டீனில் பெஞ்சுகளை ஓரமாக நகர்த்தி இடம் செய்தார்கள். அப்பாவுக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு கவர். மேனேஜர் நாலைந்து நிமிடம் அப்பாவைப் பற்றி நல்லபடியாகப் பேசினார். அப்பா அவர் வாயையே பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் பாதி அவர் காதில் விழுந்திருக்காது. அது அங்கே எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

கோயமுத்தூர் மில் ஒன்றில் 1987இல் பதிலியாக நுழைந்தபோது அப்பாவுக்கு வயது 22. பைக்காரா மின்சாரம் வந்த 1930களில் ஊரைச் சுற்றி எழும்பிய பஞ்சாலைகளில் அதுவும் ஒன்று. சங்கு ஊதினால் எங்கள் தெருவில் சைக்கிள்கள் வரிசையாகக் கிளம்பும். ஸ்பின்னிங்கில் வேலை செய்த எல்லோரும் பத்து மைலுக்குள் இருந்தவர்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்பது மிஷின் சந்துக்குள்ளேயே தெரிந்துவிடும். அந்த இரைச்சலில் வாய்விட்டுப் பேச முடியாது. உதட்டை அசைத்தும் கையைக் காட்டியுமே பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா வாயால் சொல்வதைக் கையாலும் சொல்வார்.

பிரிவுபசார விழாவுக்கு வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். மில் ஹாஸ்டலில் தங்குகிறவர்கள். ஒடிசாவிலிருந்து வந்து ஆறு வருடமாக இங்கேயே இருக்கும் ஒரு தம்பி அப்பாவின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தியில் சொன்னான். அதனால் அப்பா நிறுத்தி நிறுத்திப் பேசினார். அப்படி நிறுத்தியது அவருக்கு நல்லதாகவே போயிற்று.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு மேடையில பேசத் தெரியாது. சைடர் வேலை ஒண்ணுதான் தெரியும். அதையே சொல்றனுங்க.

"நான் வந்தப்ப ஒரு மிஷினுக்கு 440 கதிர். நிமிஷத்துக்குப் பத்தாயிரம், பன்னெண்டாயிரம் சுத்து. இப்ப ஒரு மிஷின்ல ஆயிரத்துக்கு மேல கதிர். ஓட்டம் பதினெட்டாயிரத்தையும் தாண்டுது. காப் நெறஞ்சா அன்னைக்கு டாஃபர் பசங்க கூட்டமா ஓடி வந்து கையால பிடுங்குவாங்க. இன்னைக்கு மிஷினே பிடுங்கி, காலி பாபினையும் மாட்டிக்குது. ஒண்ணு மட்டும் மாறலீங்க. இழை அறுந்தா ஒட்டறதுக்கு மனுசக் கை வேணும்."

வெறுங்கையால் அதைச் செய்துகாட்டினார். கதிரை முழங்காலால் அழுத்தி நிறுத்துவது, காப்பில் நுனியைத் தேடி எடுப்பது, வளையத்தில் ஓடும் டிராவலரில் நூலை மாட்டுவது, மேலே லேப்பட் கம்பிக் கண்ணுக்குள் நுழைப்பது, கதிரை விட்ட அதே நொடியில் முன் ரோலரிலிருந்து வரும் பஞ்சிழையோடு நுனியைச் சேர்ப்பது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளின் விரல்களும் மடியில் அசைந்தன. இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"அன்னைக்கு எது அறுந்திருக்குன்னு நடந்து நடந்துதான் பாக்கோணும். ஆனா எது அறுக்கப் போகுதுன்னு காது சொல்லும். பாபின் சரியா உக்காரலீன்னா கடகடன்னு ஒரு ஆட்டம் கேக்கும். கதிருக்கு அடியில எண்ணெ வத்தினா ஒரு சிணுங்கல் வரும். இப்ப ஒவ்வொரு கதிருக்கும் லைட்டு இருக்குது. அறுந்தா எரியுது. ஒரே கதிரு திரும்பத் திரும்ப அறுந்தா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நம்பர் வருது. நல்ல விஷயம் கண்ணுகளா. எங்க காலு தேஞ்ச மாதிரி உங்க காலு தேய வேண்டியதில்ல. ஆனா லைட்டு எந்தக் கதிருன்னுதான் சொல்லும். ஏன்னு சொல்லாது."

பிறகு அவர் சொன்ன கதையை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். ஒரு முழு நைட்டில் ஒரே கதிர் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை அறுந்திருக்கிறது. பிட்டர் வந்து டிராவலரை மாற்றினார். வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுள்ள அந்த எஃகு வளைவு சூட்டில் தேய்ந்துபோவது வழக்கம்தான். மாற்றியும் அறுந்தது. அப்பா அந்தக் காப்பைக் கழற்றி, பக்கத்துக் கதிரின் காப்போடு சேர்த்து லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பக்கத்துக் காப் வழவழப்பாக இருந்தது. இதில் மட்டும் நூலெல்லாம் மயிர் கிளம்பியிருந்தது. அப்படியானால் வழியில் எதுவோ நூலைச் சுரண்டுகிறது. வளையத்தைத் தடவிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. லேப்பட் கம்பியின் உள்வளைவில் சுண்டுவிரல் நகத்தை வைத்து இழுத்தார். நகம் மாட்டியது. வருடக் கணக்கில் ஒரே இடத்தில் உரசி உரசிப் பஞ்சு நூல் எஃகையே அறுத்துப் பள்ளம் போட்டிருந்தது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை. லேப்பட்டை மாற்றிய பிறகு விடியும்வரை அந்தக் கதிரில் இழை அறுபடவில்லை.

"அதனால ஒரே கதிர்ல லைட்டு மறுபடி மறுபடி எரிஞ்சா, ஒட்டிட்டு ஓடிராதீங்க. காப்பப் பாருங்க. மயிர் பிடிச்சிருந்தா நகத்த வச்சுப் பாருங்க. அப்பறம் பிட்டரைக் கூப்பிடுங்க."

'நகம்' என்பதற்கு அந்தத் தம்பி தன் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினான். பின் வரிசைப் பெண்கள் தங்கள் விரலைப் பார்த்துக்கொண்டார்கள்.

பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்பா மைக்கைக் கொடுக்காமல் நின்றார்.

"இன்னொண்ணு. காது சொல்லும்னு சொன்னேனில்லீங்களா? எனக்குச் சொல்லி இருவது வருசம் ஆச்சு. முதல்ல சிணுங்கல் போச்சு, அப்பறம் பேத்தி பேச்சு. இப்ப மேனேஜர் அய்யா பேசினதும் பாதிதான் கேட்டுச்சு. தப்பா நெனைக்காதீங்க. எங்க காலத்துல காதுக்குள்ள வைக்க யாரும் எதுவும் குடுக்கல. நாங்க பஞ்சத் திரிச்சு வச்சுக்குவோம். அது ஒண்ணுக்கும் ஆகாது. உங்களுக்கு இப்ப பிளக் குடுக்கறாங்க. நான் பாக்கறேன், பாதிப் பேரு பாக்கெட்ல வச்சிருக்கீங்க. காதுல வைங்க சாமி."

அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

கேட்டுக்கு வெளியே அந்தத் தம்பி ஓடிவந்து அப்பாவின் காலைத் தொட்டான். "ஐயா, அப்புறம் போன் பண்றேன்" என்றான். அப்பா அவன் உதட்டைப் படித்துச் சிரித்தார். போனில் உதடு தெரியாது என்பது அவனுக்கு நினைவில்லை.

அப்பாவை மறுவாரம் காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். இரைச்சலால் போகும் காது, 4000 ஹெர்ட்ஸ் அளவுள்ள உயர்ந்த ஒலிகளைத்தான் முதலில் இழக்கும் என்றார் அவர். அதனால்தான் ஆண்குரல் கேட்கிறவருக்குக் குழந்தையின் குரலும் ச, த போன்ற எழுத்துகளும் நழுவிப்போகின்றன. உள்காதில் ஒலியை வாங்கும் மெல்லிய செல்கள் ஒரு தடவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. காது மிஷின் ஒலியைக் கூட்டித் தரும், போனதைத் திருப்பித் தராது. எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதிகள் வைத்திருந்த எல்லை 90 டெசிபல். ஸ்பின்னிங் ஹாலின் இரைச்சல் அதை ஒட்டியும் தாண்டியும் போகக்கூடியது. அப்பா அந்தச் சத்தத்தில் நின்றது 36 வருடம். நாங்கள் அதுவரை செய்ததெல்லாம், டி.வி. சத்தத்தை எதற்கு இத்தனை கூட்டுகிறீர்கள் என்று அவரிடம் சலித்துக்கொண்டது மட்டும்தான்.

இரைச்சலால் வரும் காது கேளாமை சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது மில்லுக்குப் போகிறார்கள் என்றால், பணியில் இருக்கும்போதே அவருக்கு ஒரு ஆடியோகிராம் எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.