சாப்பிடாத இரவில் ஏறும் சர்க்கரை

இரவு எட்டு மணிக்கு நாலு இட்லி. அதன் பிறகு வெறும் தண்ணீர்தான். ஆனாலும் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 160 என்று ரிப்போர்ட் வருகிறது. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தவருக்கு இது எங்கிருந்து வந்தது? சர்க்கரை நோயாளிகள் பலருக்கும் வரும் இந்தச் சந்தேகத்துக்குப் பதில் கல்லீரலில் இருக்கிறது.

நோயில்லாத ஒருவரின் இரவை முதலில் பார்க்கலாம். அவருடைய ரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் நாலைந்து கிராம்தான். மூளைக்கு மட்டுமே மணிக்கு ஐந்து கிராம் வேண்டும். நாலு இட்லியோ சுமார் 50 கிராம் குளுக்கோஸைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அவ்வளவும் ரத்தத்திலேயே நின்றுவிட்டாலும் ஆபத்து, அந்த வரத்து தீர்ந்த பிறகு மாற்று வழி இல்லாவிட்டாலும் ஆபத்து.

சாப்பிட்டதும் கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அது முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அங்கே குளுக்கோஸ், கிளைக்கோஜனாகக் கோக்கப்பட்டுச் சேமிப்பில் வைக்கப்படுகிறது. தசைகளும் இன்சுலினின் சொல் கேட்டுத் தங்கள் பங்கை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கொழுப்பு கரைவதும் நின்றுவிடுகிறது.

நள்ளிரவில் இட்லியின் வரத்து ஓய்ந்ததும் இன்சுலின் தணிகிறது. கணையத்தின் ஆல்ஃபா செல்கள் சுரக்கும் குளுக்ககானின் கை ஓங்குகிறது. அது கல்லீரலிடம்தான் பேசும்: சேர்த்த கிளைக்கோஜனை உடைத்து ரத்தத்தில் விடு என்று. தசையில் இதைவிடப் பல மடங்கு கிளைக்கோஜன் இருக்கிறது. ஆனால் அதைக் குளுக்கோஸாக்கி வெளியே விடுவதற்கான நொதி தசையில் இல்லை. எடுத்து வைத்ததைத் தானே தின்று தீர்க்கும் கஞ்சன் அது.

கல்லீரலின் இருப்பு சுமார் 100 கிராம். ஒரு நாள் பட்டினியில் பெரும்பாலும் காலியாகிவிடும். அதற்கு முன்பே கல்லீரல் லாக்டேட், அமினோ அமிலங்கள், கொழுப்பு கரைவதில் கிடைக்கும் கிளிசரால் ஆகியவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்யத் தொடங்கிவிடுகிறது. அதனால் காலையில் அளந்தாலும் 70க்கும் 100க்கும் நடுவில்தான் நிற்கிறது.

இனி அந்த 160. இரண்டாம் வகை நீரிழிவில் கல்லீரல் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. போதாததற்கு, அடங்க வேண்டிய குளுக்ககானும் அடங்குவதில்லை. தேவைக்கு மேல் குளுக்கோஸ் இரவு முழுக்க ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இதைப் பழைய சாப்பாட்டின் மிச்சம் என்று நினைத்து இரவுணவை அடியோடு விடுவது தவறான வைத்தியம். இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவருக்கு அதனால் சர்க்கரை அபாயகரமாக இறங்கவும் கூடும். மெட்ஃபார்மின் மாத்திரை முக்கியமாகச் செய்யும் வேலை, கல்லீரலின் இந்த உற்பத்தியைக் குறைப்பதுதான்.

நேர்மாறான சிக்கலும் உண்டு. சாப்பிடாமல் நிறைய மது குடித்தவருக்குக் கிளைக்கோஜனும் தீர்ந்திருக்கும். புதிய குளுக்கோஸ் செய்வதையும் மது தடுத்துவிடும். சர்க்கரை இறங்கி மயங்கிய அவருக்குக் குளுக்ககான் ஊசி போட்டாலும் பெரிய பயன் இருக்காது. நரம்பு வழியாகக் குளுக்கோஸையே ஏற்ற வேண்டியிருக்கும்.